நிராகரிப்புக் கடிதத்தின் சொற்களாலேயே எழுதிய மேன்முறையீடு

2023 நவம்பர் 20 ஆம் திகதி மாலை, நெடுந்தீவிலிருந்து சின்னம்மா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மேசைமேல் நான்காக மடித்துப் பிரித்த ஒரு கடிதம், அதன் குறுக்கே அவரது கையின் நிழல், கீழ்ப்பகுதியில் கடிதத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. படத்துக்குக் கீழே, "தம்பி, சித்தப்பாவின்ரை ஆசுப்பத்திரிக் காசு தரேலாது எண்டு எழுதியிருக்கினம். ஒருக்கா பார்" என்று எழுதியிருந்தார். அதே படத்தை அவர் எங்கள் குடும்பக் குழுவிலும் போட்டிருந்தபடியால், நான் அதைத் திறப்பதற்கு முன்னரே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆளுக்கொரு ஆலோசனை வந்து குவிந்திருந்தது. காப்புறுதி இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் தெரியும் ஒரு கடிதம் முப்பது பேர் இருக்கும் குழுவுக்குப் போகக் கூடாது என்பதால், முதல் வேலையாக அதை அழிக்கச் சொன்னேன்.

நடந்தது இதுதான். சித்தப்பா 2023 மே 2 ஆம் திகதி தொடங்கிய ஒரு வைத்தியசாலைச் செலவுக் காப்புறுதி வைத்திருந்தார். செப்டம்பர் 14 ஆம் திகதி நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியதற்காக யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, குழாய் வைத்து நீர் அகற்றப்பட்ட பின், 22 ஆம் திகதி வீடு திரும்பினார். செலவு 286,400 ரூபா. கோரிக்கைப் படிவத்தை நானே அக்டோபர் 16 ஆம் திகதி யாழ்ப்பாணக் கிளையில் கொடுத்து, என்னிடமிருந்த பிரதியில் அவர்களின் முத்திரையையும் வாங்கி வைத்திருந்தேன். அந்த முத்திரை பின்னர் எவ்வளவு உதவும் என்று அன்று எனக்குத் தெரியாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார், நானும் கேட்டேன், அவ்வளவுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று விடயங்கள் கண்ணில் பட்டன. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நிராகரிப்புக்கு ஆதாரமாகக் காட்டிய பிரிவின் இலக்கம் சரியாக மடிப்பின் மேல் விழுந்திருந்ததால் அது 4.3 ஆ 4.8 ஆ என்று தெரியவில்லை. மூன்றாவதுதான் முக்கியமானது: கடிதத்தில் கையெழுத்தே இல்லை. கையெழுத்தில்லாமல் ஒரு கடிதம் முடியாது என்பதால் உடனே தொலைபேசியில் கேட்டேன்.

"சின்னம்மா, கையெழுத்து எங்கை?"

"பின்பக்கம் இருக்கு தம்பி. அதிலை பெரிசா ஒண்டும் இல்லை எண்டு எடுக்கேல்லை."

பெரிதாக ஒன்றும் இல்லாத அந்தப் பின்பக்கத்தில் இரண்டு விடயங்கள் இருந்தன என்று பிறகு தெரிந்தது. ஒன்று, நிராகரிப்புக்கான மூன்றாவது காரணம். மற்றது, கடிதத்தின் திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் ஆவணங்களுடன் மேன்முறையீடு செய்யலாம் என்ற ஒரு வரி. கடிதத்தின் திகதி நவம்பர் 7. அது தீவுக்கு வந்து சேர்ந்தது 17 ஆம் திகதி. கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால் டிசம்பர் 17 வரை காலம் இருக்கிறது என்று நம்பியிருப்போம். உண்மையில் இருந்தது டிசம்பர் 7 வரைதான்.

குறிகட்டுவானிலிருந்து படகேறி ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவுக்குப் போய்விடலாம் என்றாலும், நவம்பரில் கடல் யாருடைய வசதிக்கும் காத்திருப்பதில்லை. ஆகவே மூலக் கடிதம் என் கைக்கு வரும்வரை படங்களை வைத்தே வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, முற்றத்துத் திண்ணையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், கடிதத்தைத் தட்டையாக வைத்து, நான்கு மூலைகளும் தெரியும்படி, முன்பக்கம், பின்பக்கம், தபால் உறை என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுக்கச் சொன்னேன். மடிப்பு விழுந்த இடத்தை மட்டும் நெருக்கமாக இன்னொரு படமும் கேட்டேன். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே வரும். சின்னம்மாவின் அயல் வீட்டுப் பிள்ளை அதைச் செய்து கொடுத்தாள். தபால் உறையைக் கேட்டதற்குக் காரணம் அதன்மேல் இருந்த முத்திரைத் திகதி. கடிதம் எழுதப்பட்ட நாளுக்கும் தபாலில் சேர்க்கப்பட்ட நாளுக்கும் இடையில் எத்தனை நாள் போனது என்பதைக் காட்ட வேறு சாட்சி கிடையாது.

புதிய படங்களில் பிரிவு இலக்கம் 4.3 என்று தெளிவாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தும் நான் காப்புறுதிக் கையேட்டைத் திறந்து இரண்டையும் வாசித்தேன். 4.8 அழகுக்காகச் செய்யும் சத்திரசிகிச்சை பற்றியது; 4.3 காப்புறுதி தொடங்கும் முன்னரே இருந்த நோய்நிலை பற்றியது. கடிதத்தின் வாக்கியத்துக்கு எது பொருந்துகிறது என்பதைப் பொருளை வைத்தும் உறுதிசெய்துகொள்வது நல்லது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி என் தொலைபேசியில் இருந்தது. அது இந்த இடத்தில் 4.8 என்றே கொடுத்தது. அதை நம்பி ஒட்டியிருந்தால், எங்கள் மேன்முறையீடு அவர்கள் சொல்லவே சொல்லாத ஒரு பிரிவை மறுத்துக்கொண்டிருந்திருக்கும்.

இனி என்னுடைய பிழையைச் சொல்ல வேண்டும். அன்றிரவே உட்கார்ந்து மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். சித்தப்பா கடலுக்குப் போய் உழைத்த கதை, ஒரு தவணைப் பணம்கூடத் தவறாமல் கட்டியது, முகவர் வீட்டுக்கு வந்து கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் அதில் இருந்தன. "இது பழைய நோய் என்று நீங்கள் சொல்வது தவறு, இந்த நோய் செப்டம்பரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது" என்று அழுத்தமாக எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருந்தேன். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அண்ணை, முன்னர் காப்புறுதித் துறையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி. அவை சொன்னதுக்கு இதிலை எங்கை மறுமொழி?" என்றார்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அவர் நிராகரிப்புக் கடிதத்தின் படத்தைத் திறந்து, முதற் காரணத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அதன் பொருள் தமிழில் இது: "நோய் நிர்ணய அட்டையின்படி, காப்புறுதி செய்தவருக்கு அனுமதிக்கப்படுவதற்கு முன் 6 மாதங்களாக இருமலும் மூச்சுத்திணறலும் இருந்துள்ளன. ஆகவே அறிகுறிகள் காப்புறுதி தொடங்கிய திகதிக்கு முற்பட்டவை. பிரிவு 4.3 இன்படி கோரிக்கை செலுத்தத்தக்கதல்ல." அவர்கள் "நோய்" என்று எழுதவில்லை, "அறிகுறிகள்" என்று எழுதியிருந்தார்கள். 4.3 ஆம் பிரிவும் அப்படித்தான் இருந்தது: தொடங்கும் திகதிக்கு முன் அறிகுறி தோன்றியிருந்தாலோ சிகிச்சை பெறப்பட்டிருந்தாலோ போதும், நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. நோய் செப்டம்பரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று நான் கோடு போட்டு எழுதிய வாக்கியம் முழுக்க உண்மை. ஆனால் அவர்கள் அதை மறுக்கவே இல்லை. அதைப் பரிசீலிப்பவர், சரி, கண்டுபிடிக்கப்பட்டது செப்டம்பரில்தான், அறிகுறியோ அதற்கு முன்னரே இருந்தது என்று ஒரே வரியில் பழைய முடிவை உறுதிசெய்துவிட்டுப் போயிருப்பார்.

"அவை எழுதினதை அவை எழுதின மாதிரியே எடுத்து எழுதும். உம்மடை சொல்லிலை மாத்தி எழுதினீரெண்டால், உம்மடை சொல்லுக்குத்தான் நீர் மறுமொழி சொல்லுவீர்" என்றார் அண்ணை.

அந்த முதற் காரணத்தில் ஓர் உண்மைக் கூற்றும் அதிலிருந்து எடுத்த ஒரு முடிவும் இருக்கின்றன. ஆறு மாதம் என்ற கூற்று சரியானால், அனுமதித்த செப்டம்பர் 14 இலிருந்து பின்னோக்கி மார்ச் 14 வருகிறது. அது மே 2 க்கு முன், ஆகவே அவர்களின் முடிவும் சரி. எனவே முடிவோடு வாதாடுவதில் பயனில்லை, கூற்றுச் சரியா என்றுதான் பார்க்க வேண்டும். நோய் நிர்ணய அட்டையை எடுத்துப் பார்த்தோம். அங்கே மாதம் என்ற சொல்லே இல்லை. இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் பக்கத்தில் கையால் எழுதிய ஒரு பின்னம் இருந்தது. எனக்கு அது 6/12 போலத்தான் தெரிந்தது.

எங்கள் நாட்டு வைத்தியர்கள் நோயின் கால அளவைப் பின்னமாக எழுதும் வழக்கம் உண்டு. கீழே 7 இருந்தால் நாட்கள், 52 இருந்தால் வாரங்கள், 12 இருந்தால் மாதங்கள். 3/7 என்றால் மூன்று நாள், 6/52 என்றால் ஆறு வாரம், 6/12 என்றால் ஆறு மாதம். வாரமும் மாதமும் ஒரே ஒரு இலக்கத்தில்தான் வேறுபடுகின்றன. அண்ணை அட்டையைச் சாய்த்துப் பிடித்து, அதே கையெழுத்தில் வேறு இடங்களில் இருந்த ஐந்துகளைத் தேடினார். வீட்டுக்கு அனுப்பிய நாளில் எழுதிய மருந்து அளவில் ஓர் ஐந்து இருந்தது. மேல்கோடு இல்லாமல், ஒன்று மாதிரி நிமிர்ந்து நின்றது. அந்த வைத்தியரின் ஐந்து அப்படித்தான் இருக்கும் போலும்.

ஆறு வாரம் என்றால் செப்டம்பர் 14 இலிருந்து பின்னோக்கி ஆகஸ்ட் 3 வருகிறது. காப்புறுதி தொடங்கி மூன்று மாதம் கழிந்த பின்.

ஆனால் "அது ஐந்து" என்று நாங்கள் சொன்னால் போதாது. இரண்டு ஆதாரங்கள் தேடினேன். முதலாவது, சிகிச்சை அளித்த வைத்தியரின் கடிதம். இரண்டு மாலைகள் காத்திருந்து அவரைக் கண்டபோது, தன் கையெழுத்தைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டு, அட்டையில் குறித்த காலம் ஆறு வாரம் என்று திகதியும் முத்திரையும் இட்டு நான்கு வரி எழுதித் தந்தார். இரண்டாவது, சின்னம்மாவின் அலுமாரியிலிருந்து வந்தது. சித்தப்பா இருமலுக்காக முதலில் நெடுந்தீவு பிரதேச வைத்தியசாலைக்குத்தான் போயிருந்தார். அங்கே கொடுத்த கொப்பியில் ஆகஸ்ட் 9 ஆம் திகதிக் குறிப்பில் இருமல் 1/52 என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆகஸ்ட் 9 இல் ஒரு வாரம் என்றால் தொடக்கம் ஆகஸ்ட் 2. வேறு ஊரில், வேறு கையால், எவருக்கும் காப்புறுதிக் கோரிக்கை என்ற எண்ணமே இல்லாத நாளில் எழுதப்பட்ட குறிப்பு, ஒரு நாள் வித்தியாசத்தில் அதே இடத்துக்கு வருகிறது. வைத்தியரின் கடிதம் நிராகரிப்புக்குப் பிறகு கேட்டு வாங்கியது என்று யாராவது ஐயப்படலாம்; கொப்பியை அப்படிச் சொல்ல முடியாது. இரண்டில் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது கொப்பிதான்.

கொப்பியை அனுப்பும் முன் அதன் பக்கங்கள் எல்லாவற்றையும் வாசித்தோம். அதில் மே மாதத்துக்கு முந்திய இருமல் குறிப்பு ஏதாவது இருந்திருந்தால், அந்தக் கொப்பியே எங்கள் கோரிக்கையை முடித்துவைத்திருக்கும். அப்போது மேன்முறையீடு செய்வதில் அர்த்தமும் இருந்திராது. முந்திய பக்கங்களில் முழங்கால் வலியும் ஒரு நாய்க்கடியும்தான் இருந்தன.

இரண்டாவது காரணம் சுருக்கமானது: "அனுமதிக்கப்பட்ட திகதியிலிருந்து 32 நாட்களின் பின் கோரிக்கை சமர்ப்பிக்கப்பட்டுள்ளது, இது பிரிவு 6.1 இல் விதித்த 30 நாட்களைக் கடந்தது." செப்டம்பர் 14 இலிருந்து அக்டோபர் 16 வரை எண்ணினால் 32 நாள்தான், கணக்கில் பிழையில்லை. கையேட்டில் 6.1 ஐப் பார்த்தால், 30 நாட்கள் எண்ணப்படுவது வைத்தியசாலையிலிருந்து வெளியேறிய திகதியிலிருந்து என்று இருந்தது. செப்டம்பர் 22 இலிருந்து 24 நாட்கள். இங்கே அவர்களின் வாக்கியத்தையும் அவர்களின் கையேட்டு வாக்கியத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, கிளையின் முத்திரையிட்ட பிரதியை இணைத்ததோடு சரி.

மூன்றாவது காரணத்தில், அதாவது சின்னம்மா எடுக்காமல் விட்ட பின்பக்கத்தில், உடனிருந்தவரின் சாப்பாடு, தொலைபேசி, தனிப்பட்ட பொருட்கள் என்று 9,650 ரூபா எவ்விதத்திலும் செலுத்தத்தக்கதல்ல என்று இருந்தது. கையேட்டிலும் அது அப்படியே இருந்தது. குடும்பத்தில் சிலர் அதையும் கேட்டுப் பார்க்கலாமே என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் சரியாகச் சொன்ன இடத்தில் சரி என்று எழுதுவது, மற்ற இரண்டையும் வாசிக்கும் ஆளின் மனதைச் சற்றுத் திறந்துவைக்கும் என்பது என் எண்ணம்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினோம். மேற்கோள் காட்ட வேண்டிய வாக்கியங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழாக்கினால் மறுபடியும் எங்கள் சொற்களாகிவிடும். ஒவ்வொரு காரணத்தையும் மேற்கோள் குறிக்குள், எழுத்துப்பிழைகூடத் திருத்தாமல், எந்தப் பக்கத்தில் எந்தப் பந்தி என்ற குறிப்போடு எழுதினேன். படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தபின், சின்னம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, மூலக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கங்களையும் திகதிகளையும் மட்டும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டேன். முதற் காரணத்துக்கான பகுதி தமிழில் இப்படி அமையும்:

"தங்களின் 07.11.2023 திகதிய கடிதத்தின் முதற் பக்கம், இரண்டாம் பந்தியில், நோய் நிர்ணய அட்டையின்படி அறிகுறிகள் '6 மாதங்களாக' இருந்தன என்று குறிப்பிட்டுள்ளீர்கள். அட்டையில் உள்ள குறிப்பு 6/52, அதாவது ஆறு வாரங்கள். இதைச் சிகிச்சை அளித்த வைத்தியர் இணைப்பு 1 இல் உறுதிப்படுத்தியுள்ளார். இணைப்பு 2 இல் உள்ள 09.08.2023 திகதிய குறிப்பு, இருமல் அதற்கு ஒரு வாரம் முன்புதான் தொடங்கியதைக் காட்டுகிறது. காப்புறுதி தொடங்கிய திகதி 02.05.2023. ஆகவே பிரிவு 4.3 இக்கோரிக்கைக்குப் பொருந்தாது."

மொத்தம் ஒன்றரைப் பக்கம். முடிவில் கேட்டது இரண்டே: 286,400 இல் 9,650 ஐக் கழித்து 276,750 ரூபாவைச் செலுத்தவும், மறுப்பதாயின், எந்தப் பிரிவையும் எந்த ஆவணத்தின் எந்தப் பகுதியையும் ஆதாரமாகக் கொள்கிறீர்கள் என்பதை எழுத்தில் தரவும். இரண்டாவது வேண்டுகோள் அண்ணை சொல்லிச் சேர்த்தது. நிறுவனம் மறுபடி மறுத்தால், காப்புறுதி குறைகேள் அதிகாரியிடமோ, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். எங்கே போனாலும் முதலில் நிறுவனத்திடம் கேட்டீர்களா, என்ன பதில் சொன்னார்கள் என்றுதான் கேட்பார்கள். மறுப்புத் தெளிவாக எழுத்தில் இருந்தால் அடுத்த கடிதத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால், கையெழுத்திடும் முன் சித்தப்பா வாசிப்பதற்குத் தமிழில் ஒரு பிரதி எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தக்காரர் அவர்தான்; கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். தாள்கள் படகில் போயின. ஒரு நாள் கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. மறுநாள் திரும்பி வந்தன. நவம்பர் 29 ஆம் திகதி மேன்முறையீட்டின் மூலத்தைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியைக் கிளையில் கொடுத்து, இம்முறை நானாகவே கேட்டு முத்திரை வாங்கினேன். கொப்பியும் அட்டையும் பிரதிகளாகத்தான் போயின. மூலங்கள் சின்னம்மாவின் அலுமாரிக்குத் திரும்பின.

டிசம்பரில் கிளையிலிருந்து ஒருவர் அழைத்து, கொப்பியின் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கொண்டுபோய்க் காட்டி, கையோடு திருப்பி எடுத்துவந்தேன். பொங்கல் கழிந்து, 2024 ஜனவரி 24 ஆம் திகதி பதில் எழுதப்பட்டிருந்தது. 276,750 ரூபா செலுத்துவதாகவும், முந்திய முடிவு மீளாய்வு செய்யப்பட்டதாகவும் இருந்தது. அட்டையைப் பிழையாக வாசித்தோம் என்று எங்கும் இல்லை; நாங்களும் அதைக் கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தையும் சின்னம்மாதான் படமெடுத்து அனுப்பினார். நான்கு மூலையும் தெரிந்தன, நிழல் இல்லை, ஆவணமாகவே வந்தது. தபால் உறையும் இருந்தது. கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் எடுத்து அனுப்பியிருந்தார்.